லோனாவுக்குப் பிந்தைய பத்து விநாடி

இறுதி ஆட்டத்துக்கு முன் கேப்டன் பேசுவது அணியைச் சூடேற்றத்தான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இப்பிழையின் தோற்றம் தனியே ஆராயத்தக்கது. கபடி இறுதிக்கு அரை மணி நேரம் முன்பு எந்த அணியும் சூடு போதாமல் தவித்ததாகச் சான்று இல்லை.

சண்முகக்கனியின் அணியில், பாடிப் போகும் ரைடர் பேச்சியம்மாள் இரண்டாம் முறை வாந்தி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

கேப்டன் சண்முகக்கனி ஒரு தாளோடு பக்கத்து அறைக்குப் போனாள். அங்கே ஜெபசீலி முழங்காலில் ஐஸ் பையோடு இருந்தாள். இருவருக்கும் ஒரே வயது. அரையிறுதியில் மூட்டு பிசகும்வரை ஜெபசீலிதான் இடது ஓரத்தில் நின்று பிடிக்கும் கார்னர். அணியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம் போவார்கள். பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

“இவளுவ நடுக்கம் போகமாட்டேங்குடி. பேசுறதுக்கு எழுதிட்டு வந்திருக்கேன்.”

“வாசி.”

“உயிரைக் கொடுத்து ஆடுவோம்.”

“இதைக் கேட்டா ரைட் கார்னர் காலை எங்க வைப்பா?”

“இது காலுக்கு இல்ல, மனசுக்கு.”

“ஆட்டத்துல அவங்க மனசையா பிடிப்பாவ? அடுத்தது.”

“வெற்றி நமதே.”

“அவங்க கேப்டனும் இப்ப இதைத்தான் வாசிச்சிட்டிருப்பா. அடுத்தது.”

பதினொரு வரிகள். சண்முகக்கனியின் பென்சில் ஒவ்வொன்றையும் அடித்துக்கொண்டே போனது. கடைசியில் ‘அன்புத் தோழிகளே’ மட்டும் மிஞ்சியது.

“நீ எதுக்குப் பயப்படுத?” என்றாள் ஜெபசீலி.

“எனக்கென்ன பயம்?”

ஜெபசீலி ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள்.

“லோனாவுக்கு,” என்றாள் சண்முகக்கனி.

ஏழு பேரும் ஆட்டமிழந்து வெளியேறுவது லோனா. எதிரணிக்குக் கூடுதலாக இரண்டு புள்ளி. பிறகு ஏழு பேரும் பத்து விநாடிக்குள் திரும்ப உள்ளே வர வேண்டும். சென்ற ஆண்டு இதே இறுதியில், இதே எதிரணியிடம், லோனா வாங்கி, அந்தப் பத்து விநாடியையும் யார் தப்பு என்று ஒருத்தியை ஒருத்தி முறைப்பதில் செலவிட்டார்கள். அடுத்த ஏழு நிமிடத்தில் இன்னும் இரண்டு லோனா விழுந்தது.

“அப்ப அதைப் பேசு.”

“ஆடுறதுக்கு முன்னாலயே அபசகுனமாவா?”

ஜெபசீலி தாளை வாங்கி ஐஸ் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தாள் நனைந்தது.

வாசலில் எதிரணிக் கேப்டன் வித்யா எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, ரன்னர் கப் வைக்க அலமாரியில இடம் இருக்குல்ல?”

“ரெண்டு ஏற்கெனவே கிடக்கு,” என்றாள் சண்முகக்கனி. “ஒண்ணை எடுத்துட்டுப் போ. ராத்திரி வெறுங்கையோட போகவேண்டாம்லா.”

சண்முகக்கனி அணியிடம் வந்தாள்.

“இன்னைக்கு நமக்கு லோனா விழும்.”

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். “எக்கா, என்ன பேச்சு பேசுதீய?”

“விழும். அவங்க நல்லா ஆடுறவங்க. விழுந்த பிறகு என்ன செய்யணும்னு மட்டும் பேசுவோம். பத்து விநாடி. ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்கக்கூடாது. உள்ள வந்ததும் பக்கத்துல நிக்கிறவ கையைப் பிடிங்க. அடுத்து அவங்க ரைடுன்னா, போனஸ் கோட்டை மிதிச்சுட்டுப் போனாப் போகட்டும். ஒரு புள்ளிதான். யாரும் கையை விட்டுட்டுத் தனியாப் பாயக்கூடாது. நம்ம ரைடுன்னா பேச்சி போவா. அவங்க பக்கத்து பாக் லைன் கோட்டைத் தாண்டு, அப்பத்தான் ரைடு செல்லும். திரும்பி வா. யாரையும் தொடாத.”

“சும்மாவா வரச் சொல்லுதீய?”

“சும்மாதான். தொடர்ந்து ரெண்டு வெறும் ரைடு போனாத்தான் மூணாவதுல புள்ளி கட்டாயம். முதல் ரைடு நீ மூச்சைப் பழகிக்கிறதுக்கு.”

“மூணு பேருதான் மிச்சம்னா?” என்று கார்னருக்குப் பக்கத்தில், கவரில் நிற்கும் நாச்சியார் கேட்டாள்.

“அப்பத்தான் பிடிக்கணும். மூணு பேரோ, அதுக்குக் கீழயோ நிக்கும்போது ரைடரைப் பிடிச்சா ரெண்டு புள்ளி. ஆள் குறைஞ்சா நம்ம பிடிக்கு மதிப்பு கூடும்.”

நாச்சியார் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “போன வருசம் தனியாப் பாஞ்சது ஆரு?”



“நான்தான்,” என்றாள் சண்முகக்கனி. “இன்னைக்கும் பாய்ஞ்சா பின்னால இருந்து பனியனைப் பிடிச்சு இழு.”

“கிழிஞ்சா?”

“கிழியட்டும்.”

யாரோ சிரித்தார்கள். பேச்சியம்மாள் வாழைப்பழம் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஒன்பதாவது நிமிடத்தில் சண்முகக்கனி அணிக்கு லோனா விழுந்தது. எதிரணியின் ஊர்க்காரர்கள் மேளத்தை எடுத்தார்கள்.

ஏழு பேரும் ஆறு விநாடியில் உள்ளே வந்து கைகோத்தார்கள். அடுத்த ரைடு இவர்களுடையது. பேச்சியம்மாள் பாடிக்கொண்டு போனாள். பாக் லைனைத் தாண்டினாள். எதிரே நின்றவர்களை எண்ணுவதுபோல் ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். யாரையும் தொடாமல், நடந்தே திரும்பி வந்தாள்.

எட்டுப் புள்ளி முன்னிலையில் இருந்தும், வித்யாதான் நடுவரிடம் டைம் அவுட் கேட்டாள்.