ஊதாத சங்கு

வைத்தியலிங்கம் அந்த ஆசிரமத்துக்கு வந்தபோது வேலையிலிருந்து ஓய்வு கிடைத்திருந்தது. விசாரணையிலிருந்து விடுதலையும் கிடைத்திருந்தது. தூக்கம் மட்டும் கிடைக்கவில்லை.

ஆசிரமத்தை நடத்திய மெய்யம்மை வயதில் அவருக்கு இளையவர். ஆனாலும் இவர் அவரை அம்மா என்பார். அவர் இவரை ஐயா என்பார். சமையல்கார முனியம்மாவுக்கு இவர் ‘டேம் சார்’. "ஒரு கரண்டி உப்புன்னு சொல்லிட்டா ஒரு கரண்டிதான் போடுவாரு, கொழம்பு கரிச்சாலும்" என்று அவர் காதுபடவே சிரிப்பாள்.

ஒரு நாள் காலை மெய்யம்மையோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வைத்தியலிங்கம் கேட்டுவிட்டார்.

"உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் குற்றவாளியா அம்மா?"

"என்ன உத்தரவு?"

சொன்னார். அணையில் பொறியாளராக இருந்தார். மாசி மாதம் பருவம் தப்பி மலையில் பேய்மழை. அணை ஏற்கெனவே நிரம்பி நின்றது. ஷட்டர்களைத் தூக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது.

"தூக்கியது தப்பா?"

"இல்லை. தூக்காவிட்டால் அணையே போயிருக்கும்."

"பிறகென்ன?"

"கீழே ஆற்று மணலில் தர்ப்பூசணி போட்டிருந்தார்கள். குடிசையும் அங்கேயே. எல்லாம் போய்விட்டது."

"அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"தாசில்தார் ஆபீசுக்குத் தகவல் கொடுத்தோம். ஊருக்குச் சொல்வது அவர்கள் வேலை. தண்ணீர் விடுமுன் அபாயச் சங்கு ஊதுவது எங்கள் வேலை. ஐந்தைந்து நிமிடம் விட்டு மூன்று தடவை."

"ஊதினீர்களா?"

"சுவிட்சை அழுத்தினேன்."

கீரை ஆய்ந்த மெய்யம்மையின் கை நின்றது.

"சங்கு ஊதியதா?"

"மோட்டார் எரிந்து கிடந்தது. பொங்கலுக்கு முன்பிருந்தே. சரிசெய்யச் சொல்லி மேலே எழுதியிருந்தேன்."

"தெரிந்துமா அழுத்தினீர்கள்?"

"விதி அப்படி அம்மா."

"மூன்று தடவையும்?"

"மூன்று தடவையும்."

"நடுவில் என்ன செய்தீர்கள்?"

"கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." குரல் இறங்கியது. "வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தான். குடிசைகளில் அடுப்புப் புகை தெரிந்தது. எனக்குப் பழம்கூடக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கென்ன பகை? ஒன்றும் தோன்றவில்லை அம்மா. அவ்வளவுதான். ஒன்றுமே தோன்றவில்லை."

மெய்யம்மை அடுத்த கீரைக் கட்டைப் பிரித்தார்.

"என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்."

"இருக்கலாம். அப்படியானால் இப்போது அவர் இங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்."

முனியம்மா வந்து நின்றாள். "டேம் சார், உங்களைத் தேடி ஒரு ஆளு வந்திருக்காரு. ரெண்டு பஸ் மாறி வந்தாராம்."

பின்னாலேயே வந்தவன் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கிக் கும்பிட்டான்.

"சாமிக்கண்ணுங்க சார். ஆத்துல தர்ப்பூசணி போட்டிருந்தோமே, அந்தக் குடிசை. பொண்டாட்டி அஞ்சலயும் புள்ளையும் தண்ணியில போயிட்டாங்க. நான் அன்னிக்குப் பழம் ஏத்திக்கிட்டுச் சந்தைக்குப் போயிருந்தேன்."

வைத்தியலிங்கம் எழுந்து நின்றார்.

"சண்டைக்கு வரல சார். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மூணு தடவ சங்கு ஊதினதா விசாரணையில சொன்னாங்களாம். ஊரே அதத்தான் சொல்லுது. மூணு சங்கு கேட்டும் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடாம இருந்தாளே, அவளும் ஒரு பொம்பளையான்னு எங்கம்மா இன்னமும் திட்டுது. நானுந்தான் திட்டுனேன். கோவத்துல அவளுக்குப் படையல்கூட வைக்கல சார். அவ ஏன் ஓடல?"

வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். "விதிப்படி மூன்று முறை சுவிட்சை இயக்கி…"

"ஐயா," என்றார் மெய்யம்மை. "அவர் சுவிட்சைக் கேட்கவில்லை."

காக்கை ஒன்று வந்து கீரைத் தண்டைக் கொத்திவிட்டுப் போயிற்று. யாரும் விரட்டவில்லை.

"சங்கு ஊதலப்பா," என்றார் வைத்தியலிங்கம். "கெட்டுப்போயிருந்தது. அது எனக்குத் தெரியும்."

அடிக்க வருவான் என்று காத்து நின்றார். அடித்தால் தேவலை என்றும் இருந்தது. சாமிக்கண்ணு மண்ணில் உட்கார்ந்தான்.

"அப்ப அவளுக்குக் கேக்கவே இல்ல," என்றான். துண்டை வாயில் அழுத்திக்கொண்டான். "அடி அஞ்சல, உனக்குக் கேக்கவே இல்லியாடி…"

முனியம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தான்.

வைத்தியலிங்கம் மெல்லிய குரலில் கேட்டார். "போன் செய்தவர், மோட்டாரைச் சரிசெய்யாதவர், ஊருக்குச் சொல்லாதவர்… அவர்களுக்கெல்லாம் இதில் பங்கில்லையா அம்மா?"

"உண்டு. அவர்களைத் தேடி யாராவது போகும்போது அவர்கள் பதில் சொல்லட்டும். இவர் உங்களைத் தேடி வந்தார். சங்கு ஊதவில்லையென்று ஊரில் இவர் தனியாகப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா."