நடத்துநர் சிற்றம்பலத்துக்கு வந்த நன்றிக் கடிதம்

நெற்றி நிறையத் திருநீறும் தோளில் தோல்பையுமாய், நெல்லைப் பக்கத்து நகரப் பேருந்து ஒன்றில் நடத்துநராக இருந்தார் சிற்றம்பலம். முதியவரோ ஊன்றுகோல்காரரோ நின்றால், இறங்கிக் கைதாங்கி ஏற்றுவார். இருக்கையில் அமர்த்தி, “சிவசிவ” என்று சொல்லிய பிறகே புறப்பட இரட்டை விசில் கொடுப்பார்.

“இது பஸ்ஸா, சப்பரமா?” என்று பயணிகள் கேலி பேசுவார்கள். “ஏறுறவுக எல்லாரும் நம்ம சாமிதானே அண்ணாச்சி” என்று சிரிப்பார் அவர்.

கண்பார்வையற்ற ஆவுடையப்பன் வாரம் இருமுறை டயாலிசிஸுக்காக அந்தப் பேருந்தில்தான் அரசு மருத்துவமனைக்குப் போவார்.

பேருந்து தாமதமாகிறது என்று சிற்றம்பலத்துக்கு இரண்டு முறை மெமோ வந்தது. மூன்றாவது வந்தால் தடம் மாற்றிவிடுவோம் என்றார்கள். மறுநாள் காலை ஏழு நிமிடத் தாமதம். ஆவுடையப்பன் நிழற்குடையிலிருந்து கோலைத் தட்டியபடி வந்துகொண்டிருந்தார். சிற்றம்பலம் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரட்டை விசில் கொடுத்துவிட்டார்.

அன்று முழுவதும் அவர் வாயில் சிவநாமம் வரவில்லை. அதற்குப் பின் ஆவுடையப்பனும் அந்த நிறுத்தத்தில் தென்படவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கிளை மேலாளர் அழைத்தார். புகார்தான் என்று எண்ணிக் கைகட்டி நின்றார் சிற்றம்பலம். மேலாளர் படித்ததோ ஒரு நன்றிக் கடிதம். தடம் எண், பேருந்தின் பதிவெண், புறப்படும் நேரம், சட்டை வில்லையில் இருந்த நடத்துநர் எண் எல்லாம் அதில் பிசகாமல் இருந்தன. தலைமை அலுவலகத்துக்குப் போய், பணிப்பதிவேட்டில் சேர்க்கும்படி குறிப்போடு கிளைக்கு வந்திருந்தது. அனுப்பியவர் ஆவுடையப்பன்.

“ஒரே ஒரு நாள் பேருந்து என்னை ஏற்றாமல் போயிற்று. அன்று சிற்றம்பலம் விடுப்பில் இருந்திருப்பார். ஏற்றி இறக்க ஆகும் நேரத்துக்காக அவரைத் தண்டிக்க வேண்டாம்” என்று முடிந்தது கடிதம்.

“அன்னைக்கு நான் லீவுல இல்ல சார். நான்தான் விட்டுட்டுப் போனேன்.”

மேலாளர் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். பிறகு, “மெமோ ரெண்டையும் ரத்து பண்ணச் சொல்லி எழுதுதேன். நீங்க அவரைப் போய்ப் பாருங்க” என்றார்.

அன்று மாலையே சிற்றம்பலம் கடித முகவரிக்குப் போனார். ஆவுடையப்பனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இறந்து பத்து நாளாயிற்று என்றார் அவர் மனைவி கோமதி.

“அவுகள ஏத்தாமப் போன அன்னைக்கு வண்டியில இருந்தது நான்தாம்மா.”

“அவுகளுக்குத் தெரியும். உங்க விசில் சத்தம் அவுகளுக்கு அத்துப்படி. அடுத்த வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாக. அப்புறம் தெம்பில்லாம ஆட்டோவுலதான் போனாக. வண்டி நம்பரு, உங்க நம்பரெல்லாம் பக்கத்துல உக்காந்தவுககிட்ட முன்னமே கேட்டு வச்சிருந்தாக. அவுக சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘லீவுன்னு எழுது கோமதி, அந்த மனுசன் மனசு நோகக்கூடாது’ன்னாக.”

சிற்றம்பலம் அந்தப் படத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அழுதார். தாம் கைதாங்கி ஏற்றியவர் சாமியேதான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

அதன்பின் பணி ஓய்வு பெறும்வரை, நிறுத்தத்தில் ஒருவரையும் அவர் விட்டுச் சென்றதில்லை. பிழையை மறைக்காமல் ஒப்புக்கொண்ட அந்த அன்பர் தாள் வணங்குவோம்.