தவசிமுத்து எந்த வீடு?

கோகிலவாணிக்கு வயது முப்பத்துநான்கு. அவரிடம் பாடம் கேட்க வந்த தவசிமுத்துவுக்கு ஐம்பத்தொன்பது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர் தவசிமுத்து. கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அடுக்குமாடியில் அவருக்குப் பெயர் இல்லை. காவலாளிக்கு அவர் 'த்ரீ பி அப்பா'. ஒரு நாள் லிஃப்டில் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்தார். 'நகரத்தைச் சுத்தம் செய்வோம், மரம் நடுவோம், ஞாயிறு காலை ஆறரை மணி.' போனார். கையுறையும் பச்சை பனியனும் கொடுத்தார்கள். வருகைப் பதிவில் பெயரைக் கேட்டு எழுதினார்கள். அதற்காகவே அடுத்த வாரமும் போனார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நடவு சொல்லித்தருவது கோகிலவாணியின் வேலை. மற்ற நாட்களில் அவர் ஒரு நாற்றங்காலைப் பார்த்துக்கொள்கிறார். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவரில்லை என்றாலும் எல்லாரும் அவரை டீச்சர் என்பார்கள்.

முதல் நாள் குழி வெட்டி நிமிர்ந்த தவசிமுத்து கேட்டார்: "டீச்சர், ஊர் மாறி வந்தவன் வேர் பிடிக்கணும்னா எத்தனை மரம் நடணும்?"

கோகிலவாணி ஒரு பிளேடை நீட்டினார்.

"பையோட பக்கத்தைக் கீறுங்க. அடியையும் வட்டமா நறுக்கி எடுங்க. வேர் மண்ணு உதிரக் கூடாது."

தவசிமுத்து வேலையைக் கற்றார். மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி மட்கிய எருவோடு கலப்பது. தண்டின் அடி தரைமட்டத்துக்குக் கீழே புதையாமல் செடியை நிறுத்துவது. மூங்கில் குச்சியில் கயிற்றை எட்டுப்போல் சுற்றி, செடி காற்றில் ஆட இடம் விட்டுக் கட்டுவது. நடவில்லாத வாரங்களில் சாக்கடையோரம் பாட்டிலும் தெர்மகோலும் பொறுக்கி மூட்டை கட்டுவது. எதையும் ஒருமுறைக்கு மேல் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறு, ஒரு குறுகிய தெருவில், மின்மாற்றிக்கும் சாக்கடைப் பலகைக்கும் நடுவே காலியாகக் கிடந்த இடத்தில் அவர் ஒரு பூவரசை நட்டார். சுற்றி இரும்புக் கூண்டு. கூண்டுக்குத் தன் பணத்தைக் கொடுத்திருந்ததால் அதில் தகரப் பலகை மாட்டி 'நட்டவர்: தவசிமுத்து' என்று எழுதினார்கள். கீழே குழுவின் கைப்பேசி எண். அந்த ஊரில் நாலு பேர் பார்க்கிறபடி அவர் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே இடம் அதுதான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். மூன்றாவது ஞாயிறு செடி இல்லை. கூண்டு நெளிந்து சாக்கடையோரம் கிடந்தது. பலகையைக் காணோம். குழியை மூடிக் கெட்டித்திருந்தார்கள்.

குழியைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். 'காட்டுமிராண்டிகள்' என்றார் ஒருவர். 'இந்த ஜனங்களுக்கு எதுக்கு சார் மரம்' என்றார் இன்னொருவர். நாற்பது சிவந்த முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கோகிலவாணி மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

புதன்கிழமை காலை தவசிமுத்து நாற்றங்காலுக்குப் போனார். கையில் காவல் நிலையத்துக்கு எழுதிய புகார், இரண்டு பக்கம்.

"குழு சார்பா நீங்க ஒரு கையெழுத்துப் போடணும் டீச்சர்."

கோகிலவாணி படித்தார். "யார் பிடுங்கினதுன்னு இதுல இல்லையே?"

"தெருக்காரங்கதான். வேற யாரு?"

"பேரு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தானே போலீசு." அவருக்குக் குரல் உயர்ந்தது. "இவங்க தெருவுக்குத்தானே செஞ்சோம்? நேத்து வந்தவன் நான். நான் குனிஞ்சு இவங்க குப்பையைப் பொறுக்குறேன். ஒருத்தர் கதவைத் திறந்து ஒரு வாய் தண்ணி குடுத்தது கிடையாது. சோத்துல மண்ணள்ளிப் போட்ட மாதிரி பண்ணிட்டாங்க. எங்க ஊர்னா கையை ஒடிச்சிருப்பாங்க."

"அந்தத் தெருவுக்கு எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"ஆறு தடவை."

"என்னைக்கெல்லாம்?"

"என்னைக்கா? ஞாயித்துக்கிழமைதான்."

கோகிலவாணி தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"உக்காருங்க. போய்ட்டு வந்து கையெழுத்துப் போடறேன்."

தெருமுனையில் திரும்பியபோது தவசிமுத்துவுக்குத் தெரு அடையாளம் தெரியவில்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு நாயும் பால் பாக்கெட்டும் மட்டும் இருக்கும் தெரு அது. இப்போது பத்தரை மணி. மெக்கானிக் கடை திறந்து வண்டிகள் பாதி ரோட்டை அடைத்திருந்தன. கீரை விற்கிறவர் கத்திக்கொண்டு போனார்.

மின்மாற்றிக்கும் சாக்கடைப் பலகைக்கும் நடுவே ஓர் இஸ்திரி வண்டி நின்றது. எதிர் மாடியின் நிழல் அளவெடுத்ததுபோல் அதன்மேல் விழுந்திருந்தது. அந்த வெயிலில் அந்தப் பக்கம் நிழல் இருந்தது அவ்வளவு இடத்துக்குத்தான். வண்டியின் பின்சக்கரம் அவருடைய குழியின்மேல் இருந்தது.

தவசிமுத்து ஸ்கூட்டர் நிற்பதற்குள் இறங்கினார்.

"செடியைப் பிடுங்குனது நீதானா?"

வண்டிக்காரிக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் ருக்மணி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ, வா, போங்கிறதெல்லாம் உங்க வீட்டுல வெச்சுக்கங்க. நாந்தானுங்க எடுத்தேன். அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? மரம்மா அது. கார்ப்பரேஷன்ல அனுமதி வாங்கி நட்டது."

"எனக்கு யாருங்க சொன்னா? பதினோரு வருசமா இங்க வண்டி போடறேன். சனிக்கிழமை சாயங்காலம் தள்ளிட்டுப் போய்ருவேன். ரோட்டுல உட்டா சக்கரத்தைக் கழட்டிருவானுங்க. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஏனம் கழுவப் போறேன். திங்கக்கிழமை வந்து பாத்தா, என்ற இடத்துல இரும்புக் கூண்டு. அதுல ஒரு பேரு."

தவசிமுத்து வாயைத் திறந்தார். ருக்மணி விடவில்லை.

"தவசிமுத்துன்னு போட்டிருந்துச்சு. சரி, யாரோ பெரிய மனுசன், கேட்டுட்டே எடுக்கலாம்னு தெருவெல்லாம் கேட்டேன். தவசிமுத்து எந்த வீடுங்க, எந்த வீடுங்கன்னு. நாலு தெருத் துணி என்ற கையிலதான் வருது. ஒரு வீட்டுக்கும் அந்த ஆளைத் தெரியல. பலகையில இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வாங்கன்னாங்க. நீங்க எல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் உசுரோட இருப்பீங்களா?"

மெக்கானிக் கடையில் யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டு வாரம் வெயில்ல நின்னேனுங்க. கரிச் சூடு கீழ, வெயில் மேல. அப்பவும் பிடுங்கல. அதுக்கு முந்தி நீங்க சுத்தம் பண்றோம்னு மூட்டை கட்டி என்ற இடத்துல அடுக்கிட்டுப் போனீங்க பாருங்க, அது புதன்கிழமை வரைக்கும் கிடந்துச்சு. நாயி இழுத்துப் போட்டுச்சு. கூட்டினது யாரு? நானு."

"அதை எடுக்க வண்டிக்குச் சொல்லியிருந்தோம்" என்றார் தவசிமுத்து. சொன்னது யார் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

கோகிலவாணி முன்னால் வந்தார்.

"குழிக்கு அடையாளம் போட்டது நாந்தாங்க. தண்ணிக் குழாய் போகுதான்னு பாத்தேன். மேல கம்பி இருக்கான்னு பாத்தேன். உங்களைப் பாக்கல."

ருக்மணி கொஞ்சம் தணிந்தார். "நீங்களாச்சும் ஒத்துக்கறீங்களே."

தவசிமுத்து கோகிலவாணி பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. குழியில கரித்துண்டு கிடக்கறது நீங்க போட்ட படத்துல தெரிஞ்சுது. நாற்பது பேர் பாத்தோம்."

தவசிமுத்துவின் கோபம் போகவில்லை. நிற்க இடம் இல்லாமல் தவித்தது. "இடம் உங்களதுன்னா சொல்லிருக்கலாம். செடி என்ன பாவம் பண்ணுச்சு? தூக்கிச் சாக்கடையில எறியணுமா?"

"யாருங்க எறிஞ்சா?"

ருக்மணி கையை நீட்டினார். எதிர்ச்சாரியில் தெருக்குழாய்க்கு நாலடி தள்ளி, முள்ளு வெட்டி வளைத்து, கிழிந்த சேலைக் கரையால் கட்டிய வேலி. உள்ளே பூவரசு நின்றது. உச்சியில் மூன்று இலை புதிது.

"மெக்கானிக் அண்ணன் கூண்டை நெம்பிக் குடுத்தாரு. சாயங்காலமாப் பாத்து மாத்தி வெச்சேன். துணிக்குத் தெளிச்ச மிச்சத் தண்ணியை ஊத்தறேன். ஆனா ஒண்ணுங்க, அதை நட்டவன் சரியான சோம்பேறி. பையைச் சைடுல கிழிச்சிருக்கான், அடியை எடுக்கல. வேரு அடிப் பிளாஸ்டிக்ல முட்டிச் சுத்திட்டு கிடந்துச்சு. அங்கயே உட்டிருந்தா செத்திருக்கும்."

தவசிமுத்துவுக்கு அந்த ஞாயிறு நினைவுக்கு வந்தது. பிளேடு கையில் இருந்தது. அடியை நறுக்கப் போகும்போது, "சார், இங்க பாருங்க" என்று கூப்பிட்டார்கள். பார்த்தார். படம் நன்றாக வந்திருந்தது. மகள் அதை அச்செடுத்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

ருக்மணி வேலைக்குத் திரும்பினார். பெட்டியை எடுத்து ஒரு சட்டையைத் தேய்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த தகரத்தின்மேல் வைத்தார். தவசிமுத்து தகரத்தைப் பார்த்தார். சூட்டில் வண்ணம் பொரிந்திருந்தது. 'நட்டவர்' போய்விட்டிருந்தது. பெயரில் முதல் மூன்று எழுத்து மிச்சம்.

"அது என்னோட பலகை" என்றார்.

"அப்படியா? நல்ல கனமான தகரமுங்க." ருக்மணி பெட்டியைத் தூக்கித் தகரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப தவசிமுத்து நீங்கதானா?"

"ஆமா."

"எந்த வீடுங்க?"

கேலி இல்லை. துணி வாங்கும்போது கேட்கிற மாதிரிதான் கேட்டார். சட்டையை மடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தார். அடுக்குமாடியின் பெயரைச் சொல்லலாம். மகள் பெயரைச் சொல்லலாம். தவசிமுத்து இரண்டையும் சொல்லவில்லை. கீரைக்காரர் குறுக்கே வந்தார், ருக்மணி அவரிடம் விலை கேட்கத் திரும்பிவிட்டார்.

ஸ்கூட்டர் தெருமுனை தாண்டியதும் தவசிமுத்து புகாரைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நாலாக மடித்து மறுபடியும் உள்ளே வைத்தார். குப்பைத்தொட்டி எங்கேயும் தென்படவில்லை.

நாற்றங்கால் வாசலில் இறங்கியபோது முகம் இன்னும் சிவந்திருந்தது.

"டீச்சர், இதுவரைக்கும் அறுபத்திரண்டு செடி நட்டிருக்கேன். பன்னெண்டு ஞாயிறு. முதல் நாள் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், வேர் பிடிக்க எத்தனை மரம் நடணும்னு. இன்னைக்கு வரைக்கும் நீங்க பதில் சொல்லல. இதையாவது சொல்லுங்க."

கோகிலவாணி ஸ்கூட்டரை நிறுத்தி, தாங்கியைக் காலால் தள்ளினார்.

"அது நீங்க என்னைக் கேட்டது. இருக்கட்டும். எந்த வீடுன்னு அந்தம்மா உங்களைக் கேட்டுட்டு நின்னாங்களே, அவங்களுக்கு யாருங்க பதில் சொல்றது?"