கிணற்றுக்குள் ஆறு பேர்

மணலோடைப்பட்டிக்காரர்களிடம் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொன்னால் போதும், உயிர் போகும்வரை அதையே பிடித்துக்கொள்வார்கள். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அமலோற்பவத்துக்கு அவள் அம்மா சொல்லி அனுப்பியதும் ஒரே ஒரு விஷயம்தான்: "அங்கே பெரியவங்க யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுறாதே. முறை வச்சுக் கூப்பிடு."

கிணற்றுக்குள் மாமனார் தொபுக்கடீரென்று விழுந்தபோது அவள் கைக்குழந்தையோடு பக்கத்தில் நின்றிருந்தாள். எட்டிப் பார்த்தாள். கழுத்தளவு தண்ணீரில், சுவரில் முளைத்த ஓர் ஆலஞ்செடியைப் பிடித்துத் தொங்கினார். செடியின் வேர் கழன்றுகொண்டிருந்தது.

"ஐயோ, மாமா விழுந்துட்டாரு!" என்று கத்தினாள்.

ஊரில் மாமா இருந்தவர்களெல்லாம் அவரவர் மாமா வீட்டுக்கு ஓடினார்கள். அங்கே மாமாக்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் திரும்பிவிட்டார்கள்.

"பேரைச் சொல்லும்மா, அப்பத்தான் வருவாங்க!" என்றது கிணறு.

அமலோற்பவம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பேர் சொல்ல நான் என்ன உங்களுக்கு மூத்தவளா, கூடப் படிச்சவளா? நாளைக்கு அத்தை முகத்துல எப்படி முழிப்பேன்?"

அத்தையே வந்தாள். புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

"சும்மாவே கழுத்தளவு தண்ணி. நான் பேரைச் சொன்னா மூக்களவு ஆயிடுமே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு, தெருவைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரரு விழுந்துட்டாரு!" என்று அலறினாள்.

அவள் தம்பி ராயப்பன் ஓடி வந்து குனிந்து பார்த்தார். "ஐயோ, எங்க அத்தான்!"

மாமனாரின் தம்பி சவரிமுத்து வந்தார். "ஐயோ, எங்க அண்ணன்!"

சவரிமுத்துவின் மகன் தொம்மை வந்தான். "ஐயோ, எங்க பெரியப்பா!"



"மதினி, உள்ளே மொத்தம் எத்தனை பேரு?" என்றான் தொம்மை.

அமலோற்பவம் விரல் மடக்கினாள். "என் மாமா, அத்தையோட வீட்டுக்காரரு, ஒரு அத்தான், ஒரு அண்ணன், ஒரு பெரியப்பா. அஞ்சு."

"ஒருத்தன்தான்டா! நான் மட்டும்தான்!" என்றது கிணறு.

"அஞ்சு பேரும் ஒரே குரல்ல பேசுறாங்க பாரு. ஒத்துமையான ஆளுங்க" என்று ராயப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆளுக்கொன்றாக ஐந்து கயிறுகள் இறங்கின. மாமனார் கைக்கெட்டியதைப் பிடித்தார்.

"யாரு அது? எங்க அண்ணனா?" என்றார் சவரிமுத்து.

"ஆமாடா, இழு!"

"அப்ப அதை விடுங்கண்ணே! அது ராயப்பன் கயிறு. அத்தானுக்கு உள்ளது. அடுத்தவங்க கயித்துல ஏறினா ஊர் என்ன பேசும்?"

மரியாதைக்குப் பயந்து மாமனார் விட்டார். தம்பியின் கயிற்றைத் தேடுவதற்குள் செடியின் வேர் இன்னொரு சாண் கழன்றது. தண்ணீர் உதட்டைத் தொட்டது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அமலோற்பவம் அத்தையின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அத்தே! இவனுக்கு இன்னும் பேச்சு வரல. வந்திருந்தா 'தாத்தா'ன்னுல்ல கூப்பிடுவான்? உள்ளே ஆறாவதா ஒருத்தரு இருக்காரு! நாம அவருக்குக் கயிறே போடலையே!"

பேசத் தெரியாத பிள்ளையின் தாத்தாவைச் சாகவிடுவதா? தூளி கட்டியிருந்த சேலையை உருவி வந்து கிணற்றுக்குள் விட்டாள். அதற்கு வேறு சொந்தக்காரர் இல்லாததால் யாரும் சண்டைக்கு வரவில்லை. பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். அத்தையும் அவளும் மூச்சைப் பிடித்து இழுத்தார்கள். செடி பிடுங்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது. அவர் கரையில் வந்து விழுந்தார்.

அமலோற்பவம் அழுதேவிட்டாள். "தாத்தா பிழைச்சுட்டாரு!"

"அவங்க தாத்தா வந்துட்டாரு. எங்க அண்ணன் இன்னும் வரலையே" என்று சவரிமுத்து மாரில் அடித்துக்கொண்டார்.

"லேய், நான்தான்டா உங்க அண்ணன்!"

"அப்படின்னா உங்க பேரைச் சொல்லுங்க பாப்போம்!"

அவர் வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார். "இந்த ஊருக்கே மூத்தவன் நான். அப்பேர்ப்பட்ட ஆளோட பேரை நானே எப்படிடா சொல்லுவேன்? மரியாதை வேண்டாமா?"

எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. அவருக்கும் பட்டது. மிச்சம் ஐந்து பேரை நினைத்து அவருக்கே நெஞ்சு பதறியது.

"நான் கூப்பிட்டுப் பாக்கேன். எப்படியும் எனக்கு இளையவங்களாத்தான் இருப்பாங்க" என்று கிணற்றுக்குள் தலையை நீட்டி, "தம்பீ!" என்றார்.

"தம்பீ!" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

மடித்துக் கட்டியிருந்த ஈர வேட்டியைச் சட்டென்று இறக்கிவிட்டு, அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து கைகட்டி நின்றார்.

"என்னையே தம்பிங்காரு. எனக்கும் மூத்தவரு. யாரும் பேரைக் கீரைச் சொல்லிடாதீங்க!"