மை தடவாத ஓலை

என் இளைய மகன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், சமையலுக்கு வந்த குருவம்மாள் அப்பளம் பொரித்துக்கொண்டே எனக்கு இந்தக் கதையைச் சொன்னாள். சம்பந்தி வீட்டார் மேல் எனக்கு மனத்தாங்கல் இருந்த நேரம் அது. அதைப் பார்த்துத்தான் சொன்னாளோ என்னவோ.

வெகு காலம் முன்னே வேங்கைநாடு என்றொரு சீமையைப் பொன்மாறன் என்ற ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் குதிரைக்கு முன்னால் ஓடுவான். அவனுக்கு ஒரே தங்கை, தேன்மொழி. ஆற்றுக்கு அக்கரையில் குறும்பனூர் ராஜா கோவேந்தனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைக்கப் பல்லக்கு அனுப்புவதாகப் பொன்மாறன் ஓலை விட்டிருந்தான்.

பதில் வந்தது. அதை வாசித்தவர் வீரசிகாமணி. சபையில் ஓலை வாசிக்கிற வேலை அவருடையது. ஓலை எழுதுகிற சாத்தப்பனை ராஜா அடிக்கடி பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பது அவருக்குப் பிடிக்காது.

"நீர் அனுப்பும் பல்லக்கில் என் மனைவியை ஏற்ற மாட்டேன்," என்று வீரசிகாமணி மூக்கைச் சுளித்து, இழுத்து வாசித்தார்.

அவ்வளவுதான். ராஜா எழுந்துவிட்டான். "போதும். சாத்தப்பா, எழுத்தாணியை எடு. இன்றைக்கே பதில் போக வேண்டும்."

"ஆமாம் மகாராஜா, சுடச்சுடப் போக வேண்டும்," என்றார் வீரசிகாமணி. "ஆறிப்போனால் பயந்துவிட்டோம் என்பார்கள். சாத்தப்பன் கை மெதுவான கை. தாமதம் செய்தால் அந்தக் கட்டைவிரல் எதற்கு?"

"சாயங்காலத்துக்குள் முத்திரை விழாவிட்டால் விரலை எடுத்துவிடுவேன்," என்றான் ராஜா.

சாத்தப்பனுக்குக் கவலை வந்தது. விரலுக்காக மட்டுமில்லை. தேன்மொழியை, அவள் இந்த வாசலில் கோலம் போட்டு விளையாடிய நாளிலிருந்து அவருக்குத் தெரியும். இந்த ஓலை போனால் அவள் இனி இந்தப் படி ஏற மாட்டாள். மனதுக்குள் சாமியைக் கும்பிட்டுவிட்டு ஆணியை எடுத்தார்.

"சொல்லுங்கள் மகாராஜா. ஒரு சொல்லையும் விட மாட்டேன். யாருக்கு என்று மட்டும் கடைசியில் எழுதிக்கொள்கிறேன்."

ராஜா கொட்டினான். நன்றி கெட்டவன் என்றான், கோவேந்தன் பாட்டன் ஆடு மேய்த்ததைச் சொன்னான். சாத்தப்பன் தடுக்கவே இல்லை. "கொஞ்சம் மெதுவாக, மகாராஜா. ஆணி கீற வேண்டாமா," என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு சொல்லுக்கும் ராஜா காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு ஓலை நிரம்பியது.

"இன்னும் உண்டா?" என்றார் சாத்தப்பன்.

"நன்றி கெட்டவன்."

"அது முன்னேயே எழுதியாயிற்று."

ராஜா உட்கார்ந்துவிட்டான். குரல் இறங்கியது. "ஒரே தங்கச்சி, சாத்தப்பா. அவளையும் பார்க்க விட மாட்டேன் என்கிறானே."

சாத்தப்பன் அதையும் எழுதினார். "மை தடவினால்தான் எழுத்து தெரியும். மை அரைக்க ஒரு நாழிகை ஆகும். அதற்குள் குளித்துச் சாப்பிட்டு வாருங்கள். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது."

குளித்து, மோர்ச்சாதம் சாப்பிட்டு ராஜா வந்தான். மூச்சு சீராக இருந்தது.

"இதைக் கொண்டுபோய்க் குறும்பனூர் சபையில் வாசிக்கப் போகிறவர் வீரசிகாமணிதானே," என்றார் சாத்தப்பன். "நீங்கள் கோவேந்தனாக உட்காருங்கள். ஐயா ஒரு தடவை வாசித்துக் காட்டட்டும்."

வீரசிகாமணிக்கு ஒரே குஷி. ஓலையைச் சாய்த்துப் பிடித்து, கீறலைப் பார்த்து, அதே மூக்குச் சுளிப்போடு வாசித்தார். ஆடு மேய்த்த பாட்டன் வந்ததும் ராஜா நெளிந்தான்.

"நிறுத்தும். அந்தச் சபையில் தேன்மொழியும் உட்கார்ந்திருப்பாள் இல்லையா?"

"பக்கத்து ஆசனத்தில், மகாராஜா," என்றார் சாத்தப்பன். "அவள் வயிற்றுப் பிள்ளைக்கும் அவர்தான் கொள்ளுப்பாட்டன்."

ராஜா அந்த ஓலையை வாங்கிக் கீழே வைத்தான்.

"காலையில் வந்த ஓலையைக் கொஞ்சம் கொடுங்கள்," என்று சாத்தப்பன் வாங்கி, அரிசி விலை சொல்வதுபோல வாசித்தார். "நீர் அனுப்பும் பல்லக்கில் என் மனைவியை ஏற்ற மாட்டேன். ஆற்றில் வெள்ளம். பல்லக்கைப் பரிசலில் ஏற்றுவது அவளுக்கு ஆகாது. தண்ணீர் வடிந்ததும் நானே கூட்டி வருகிறேன். வேப்பம்பூ வற்றல் கேட்கிறாள்."

ராஜா வீரசிகாமணியைப் பார்த்தான். "மிச்சத்தை நீர் ஏன் வாசிக்கவில்லை?"

"தாங்கள்தான் போதும் என்றீர்கள்."

"சரிதான். அந்தத் தப்பு என்னுடையது. மூக்கு மட்டும் உம்முடையது."

பிறகு கேட்டான்: "சாத்தப்பா, அனுப்பக் கூடாதென்றால் ஏன் எழுதினாய்?"

"உள்ளே வைத்திருந்தால் அது சுற்றிக்கொண்டே இருக்கும், மகாராஜா. எழுதினால் இறங்கும். எல்லாம் இறங்கினபின் அடியில் என்ன வலி என்று தெரிந்தது, பார்த்தீர்களா? தங்கச்சியைப் பார்க்க வேண்டும், அதுதான். பெயர் போடாததால் கை தவறியும் போகாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிக்காதீர்கள். அப்படிச் செய்தால் மறுபடி ஏறும். மை தடவாவிட்டாலும் கீறல் இருக்கிறது."

ராஜா தன் கையாலேயே இரண்டு ஓலையையும் அடுப்பில் போட்டான். புது ஓலையில் சொன்னது இவ்வளவுதான்: "முதல் வரி கேட்டு மனம் வருந்தினேன். முழுதும் கேட்டதும் தெளிந்தேன். தண்ணீர் வடியட்டும். வற்றல் அனுப்புகிறேன்."

சாயங்காலத்துக்கு முன்பே முத்திரை விழுந்தது. விரலும் தப்பியது. அந்த விரலில் ராஜா தன் மோதிரத்தையே போட்டான். சபையில் ஓலை வாசிக்கிற வேலையும் சாத்தப்பனுக்கே வந்தது. வீரசிகாமணிக்கு வேறு வேலை கிடைத்தது. தினமும் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீர் எத்தனை படி இறங்கியது என்று பார்த்து வந்து, மூக்கைச் சுளிக்காமல் சொல்ல வேண்டும். பதினோராம் நாள் தேன்மொழி வந்து இறங்கினாள்.

நான் அன்றைக்குச் சம்பந்தியம்மாளுக்குப் போனில் எழுதி வைத்திருந்ததை அழித்தேன். உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். யாருக்காவது சூடாக எழுத வேண்டியிருந்தால் எழுதுங்கள். பெயர் போடுகிற இடத்தை மட்டும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காலியாக விடுங்கள்.