எட்டு முதல் எட்டரை வரை

"அம்மா, ராத்திரியிலே ஒரே ஒரு வார்த்தை எழுதிட்டுப் போயிடறாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றது?"

பரிமளா கேட்டாள்.

லோகாம்பிகை அம்மா கொய்யா மரத்தடியில் ரப்பர் குழாயின் கிழிசலைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தார். திருவண்ணாமலையில் அவரிடம் கேள்வி கேட்க வருகிறவர்கள் நிறைய. ஆசிரமம் என்று எதுவும் கிடையாது. ஒரு வீடு, ஒரு மரம், ஒரு இரும்புக் கேட். மாலை நாலிலிருந்து ஐந்தரை வரை கேட் திறந்திருக்கும்.

அவர் பரிமளாவைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அவள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

"என்ன வார்த்தை?"

பரிமளா போனை நீட்டினாள்.

இரவு 10.42. "ஹலோ."

இரவு 11.05. "மிஸ்?"

இரவு 11.20. "மிஸ்."

இரவு 12.10. வெறும் கேள்விக்குறி.

பரிமளா தன் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கிறாள். முப்பத்தொரு பிள்ளைகள். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. பெற்றோர் எல்லோரிடமும் அவள் நம்பர் இருக்கிறது.

"போனை அணைச்சுட்டுத் தூங்கலாமே."

"வீட்டுக்காரர் ராத்திரி பஸ் ஓட்டறவர், அம்மா. எந்த நேரம் கூப்பிடுவாரோ தெரியாது. அணைக்க முடியலை. சத்தம் கேட்டாலே நெஞ்சு திக்குனு ஆகுது. எடுத்துப் பார்த்தா 'மிஸ்'. என்ன வேணும்னு இல்லை. காலையிலே 'சொல்லுங்க'ன்னு எழுதினா, பாதிப் பேர் 'ஒண்ணுமில்லை மிஸ்'ங்கறாங்க. அதுக்குள்ள என் தூக்கம் போயிடுச்சு."

"அவங்களுக்கு எழுதிச் சொல்லுங்க."

"எழுதிட்டேன். கொண்டு வந்திருக்கேன்."

"படிங்க."

பரிமளா படிக்க ஆரம்பித்தாள். 'உங்களுக்கெல்லாம் வீட்டில் கடிகாரம் இல்லையா' என்ற வரி வந்ததும் அம்மா எழுந்து, குழாயை மாட்டி, செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார்.

பரிமளா காகிதத்தோடு நின்றாள்.

எல்லாச் செடிக்கும் விட்டு முடித்துவிட்டு வந்தார்.

"அந்த வரியை யாருக்கு எழுதினீங்க?"

"ரெண்டு மூணு பேருக்கு."

"அனுப்பறது?"

"முப்பத்தொரு பேருக்கு."

பரிமளா பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். அடுத்த வரியையும் அடித்தாள். கடைசியில் காகிதத்தைக் கிழித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புதிதாக எழுதினாள்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரவு நேரத்தில் 'மிஸ்', 'ஹலோ' என்று ஒரே வார்த்தையில் செய்தி வருகிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது அதிலிருந்து எனக்குத் தெரிவதில்லை. தெரியாமல் பதில் எழுத முடியவில்லை. எழுதாமல் தூங்கவும் முடியவில்லை.

இனி காலை ஆறரை முதல் ஏழு வரையும், இரவு எட்டு முதல் எட்டரை வரையும் நான் பதில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை. நீங்கள் வேலை முடிந்து எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அனுப்பலாம். அடுத்த பதில் நேரத்தில் பார்த்துவிடுவேன்.

என்னைக் கூப்பிட்டுவிட்டு, நான் 'சொல்லுங்க' என்று எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் பெயர், பாடம், கேட்க நினைப்பது, மூன்றையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். வீட்டுப்பாடத்தில் சந்தேகம் என்றால், பிள்ளை எந்த வரியில் நின்றுபோனதோ அந்த வரிக்குக் கோடு போட்டு, பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பிள்ளை வீடு வந்து சேரவில்லை, உடம்பு முடியவில்லை என்றால் செய்தி வேண்டாம். போன் செய்யுங்கள். அது எந்த நேரமானாலும் எடுப்பேன்.

இப்படிக்கு, பரிமளா."

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினாள். செய்தி வரும் சத்தத்தை நிறுத்தி, போன் மணியை மட்டும் வைத்துக்கொண்டாள். அதோடு, தான் படித்ததைக் காட்டிக்கொடுக்கும் அந்த நீல டிக்கையும் எடுத்துவிட்டாள். படித்தும் பதில் போடவில்லையே என்று யாரும் கேட்கக் கூடாதல்லவா.

முதல் வாரம் கொஞ்சம் தடுமாற்றம். ஒரு அம்மா எட்டு மணிக்குக் காத்திருந்து ஒரே கேள்வியைப் பதினோரு துண்டாக அனுப்பினார். ஒருவர், "மிஸ், இது பதில் நேரமா?" என்று கேட்டு அனுப்பினார். பத்து மணிக்கு மேலும் சில 'ஹலோ'க்கள் வந்தன. பரிமளா அவற்றுக்குக் காலை ஆறரைக்கு, "பெயர், பாடம், கேள்வி எழுதுங்க" என்று மட்டும் பதில் போட்டாள். ஒருநாள்கூட நேரம் தப்பவில்லை.

இரண்டாவது வாரத்தில் கேள்விகள் கேள்விகளாக வர ஆரம்பித்தன. 'சர்வேஷ், கணக்கு, வடிவொத்த முக்கோணம், மூன்றாவது வரி புரியவில்லை.' பதில் எழுத ஒரு நிமிஷம் போதும். அரை மணி நேரத்தில் பத்துப் பேருக்கு எழுதினாள்.

நன்றாகத் தூங்கினாள்.

ஆனால் ஒருநாள் இரவு தானாகவே விழிப்பு வந்தது. மணி 11.20. போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை.

மறுநாளும் அதே நேரத்துக்கு விழித்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. 11.20க்குத் தினமும் 'மிஸ்' என்று எழுதுகிறவர் ஒரே ஆள். அபிராமியின் அப்பா குணாளன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கடிதம் போன நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

நிம்மதி என்றுதான் நினைத்திருக்க வேண்டும். ஏனோ அப்படி நினைக்க முடியவில்லை.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, இரவு 8.04க்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. நீளமாக.

"பெயர் அபிராமி. பாடம் எதுவும் இல்லை. கேட்க நினைப்பதை எழுதச் சொன்னீர்கள். இரண்டு வாரமாக எழுதி எழுதி அழித்தேன், மிஸ்.

அவள் அம்மா இறந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. இப்போது சித்தி வீட்டில் இருக்கிறாள். நான் போன் பண்ணினால் அவரிடமே கொடுத்துவிடுவாள். 'நல்லா இருக்கா' என்று சித்தி சொல்வார்.

தினமும் ரெண்டு மணி நேரம் அவளை நேரில் பார்ப்பவர் நீங்கள். ராத்திரி ரூமுக்கு வந்து சாப்பிட்டபிறகு 'மிஸ்' என்று எழுதுவேன். கொஞ்ச நேரத்தில் நீல டிக் வரும். இன்றைக்கு என் பெண்ணைப் பார்த்தவர் என் வார்த்தையைப் பார்த்துவிட்டார் என்று தோன்றும். படுத்துவிடுவேன். காலையில் நீங்கள் 'சொல்லுங்க' என்பீர்கள். என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்ததில்லை.

இப்போது நீலமும் வருவதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன் என்று கடிதம் படித்துத்தான் தெரிந்தது. மன்னிக்க வேண்டும். இனி தொந்தரவு தரமாட்டேன்."

பரிமளா பதில் எழுத உட்கார்ந்தாள். எட்டரை ஆகிவிட்டது. எழுத வரவில்லை.

மறுநாள் காலையும் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. திங்கட்கிழமை மாலை ஐந்தே காலுக்கு இரும்புக் கேட்டுக்குள் நுழைந்தாள்.

"அம்மா, அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கப் போறேன்."

"ஏன்?"

போனை நீட்டினாள். லோகாம்பிகை அம்மா நின்றபடியே முழுவதும் படித்தார். படித்து முடித்தும் போனைத் திருப்பித் தரவில்லை.

"எத்தனை நாளா இவர் எழுதறார்?"

"ஆறேழு மாசம் இருக்கும்."

"இந்தச் சேதி?"

"வியாழக்கிழமை வந்தது."

"எத்தனை மணிக்கு?"

"எட்டு நாலு."

"பதில் நேரம்தானே?"

"ஆமா."

"என்ன எழுதினீங்க?"

பரிமளா தலையைக் குனிந்தாள்.

"தோணலை, அம்மா. நல்லா படிக்கிறான்னு எழுதலாம். அதைத்தான் சித்தியும் சொல்றாங்களே. ஆறுதலா ஏதாவது எழுதலாம்னா, நான் யாரு? அந்தப் பொண்ணு மனசுலே என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்? ரெண்டு மணி நேரமும் கரும்பலகையைப் பார்த்து நிக்கிறவ நான்."

அம்மா போனை அவள் கையில் வைத்தார். அவள் தோளைத் தொட்டு மெல்லத் திருப்பி, கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்.

"அம்மா, இன்னும் அஞ்சரை ஆகலையே."

"உங்களுக்கு ஆறு மணிக்கு வகுப்பு" என்றார். கேட்டைச் சாத்தினார்.

அன்று பரிமளா பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சித் தாளைக் கொடுத்துவிட்டு, நாற்காலியைக் கரும்பலகைக்கு முன்னால் போட்டு, அவர்களைப் பார்க்க உட்கார்ந்தாள்.

அபிராமி ஜன்னலோரம். இடதுகையால் எழுதுகிற பெண் என்பதையே பரிமளா அன்றைக்குத்தான் கவனித்தாள். தவறாக எழுதினால் அழிப்பதில்லை. ஒரே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் மறுபடி போடுகிறாள். தோழி ஏதோ சொன்னதற்குச் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாள்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் பையைத் தூக்கினார்கள். அபிராமியைச் சித்தி எட்டேகாலுக்குத்தான் கூட்டிப்போக வருவார். அவள் படியருகே தனியாக நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அங்கே ஆறரை" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மஸ்கட் நேரம். பரிமளா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லை மிஸ்."

பரிமளா மேற்கொண்டு கேட்கவில்லை. போனை எடுத்தாள். மணி 8.06. எழுதினாள்.

"அபிராமி இன்று பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள். ஏழு கணக்கில் ஆறு சரி. தோழியோடு சிரித்தாள். சிரித்தால் தோள் குலுங்குகிறது."

அதற்குமேல் எழுதப்போன விரல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அந்தப் பெண்ணுடையது. அதைத் தான் எடுத்துக் கொடுக்கலாமா?

அபிராமி அருகில் வந்து போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மிஸ் எழுதறீங்க?"

"உங்க அப்பாவுக்கு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரிப்பன் நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். கீழே சித்தியின் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. படியிறங்கினாள்.

பாதிப் படியில் காலடிச் சத்தம் நின்றது. திரும்ப ஏறி வந்தாள். தலை மட்டும் தெரிந்தது.

"மிஸ், அனுப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"அந்த ஏழாவது கணக்கு" என்றாள். "அதையும் இப்பப் போட்டு முடிச்சிடறேன். அப்புறம் அனுப்புங்க."