கொடுக்க உத்தரவு இல்லாதவன்

பெரியவர்களே, பிள்ளைகளே, கொஞ்சம் அருகில் வந்து உட்காருங்கள். இது மலைகள் இன்று இருப்பதைவிட உயரமாகவும், மனிதர்கள் சொன்ன சொல் இன்று இருப்பதைவிடக் கனமாகவும் இருந்த காலத்தில் நடந்தது.

கொன்றைமங்கலம் என்ற நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். இளமையில் அவன் பகைவரின் மூன்று ஊர்களுக்குத் தீயிட்டவன். முதுமையில் அந்தத் தீ அவன் தூக்கத்துக்குள் வந்தது. உடம்பிலும் நோய் ஏறிக்கொண்டது. பிழைக்கமாட்டான் என்று வைத்தியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவன் காதுக்கும் எட்டியது. சாவதற்குமுன் தன் உயிருக்கு ஒரு வழி தெரிந்தாக வேண்டும் என்று அவன் தவித்தான்.

முதலில் அவன் சபாநாதப் பண்டிதரை அழைத்தான். பண்டிதர் ஏடுகளைக் கொண்டுவந்து வரி வரியாக ஓதிப் பொருள் சொன்னார். பாவம் என்ன, பக்குவம் என்ன, வீடுபேறு என்ன என்று எல்லாம் அதில் இருந்தது. அவர் தம் சொல்லாக ஒன்றும் சொல்லவில்லை. ஐயம் வந்த இடத்தில் இன்னொரு பிரதியை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அரசனுக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் தூக்கம் வரவில்லை.

அடுத்து ஈசான குருக்களை அழைத்தான். குருக்கள் வழிவழியாகக் கோயில் பூசை செய்யும் குலத்தில் பிறந்தவர். முறைப்படி தீட்சையும் ஆசாரிய அபிஷேகமும் பெற்றவர். ஊருக்காகப் பூசை செய்யும் உரிமை அவருடையது. அவர் குடம் வைத்து, தீ வளர்த்து, பாவம் போக்கும் கழுவாய்ச் சடங்கை ஒரு குறையும் இல்லாமல் செய்து முடித்தார். அரசனுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை.

"ஏடு எல்லாருக்கும் பேசுகிறது. சடங்கு எல்லாருக்கும் பலிக்கிறது. என்னைப் பார்த்து, நான் செய்ததை எல்லாம் பார்த்து, அப்புறமும் எனக்கென்று சொல்ல ஒருவர் வேண்டும்" என்றான் அரசன்.

அதைச் செய்யக்கூடியது நாட்டில் ஒரே இடம்தான். அது கொன்றையடிகள் மடம்.

அந்த மடத்தின் வழக்கம் இதுதான். சீடனாக வருகிறவனைக் குரு உடனே ஏற்கமாட்டார். தண்ணீர் சுமக்கவும் சாணம் மெழுகவும் விடுவார். திட்டுவார், மறந்துவிட்டவர்போல் இருப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். பழுத்தான் என்று தோன்றும் நாளில் இருவர் தலைமேலும் ஒரே துணியைப் போர்த்தி, தம் குருவும் அவர் குருவும் அவர் குருவுமாக வந்த பெயர்களை வரிசையாகச் சொல்லி, முடிவில் "இவர் எனக்குக் கொடுத்தார், கொடு என்றும் சொன்னார்" என்பார். அதற்குப் பிறகே காதில் மந்திரம்.

மந்திரம் கேட்டவன் எல்லாம் அதைப் பிறருக்குக் கொடுத்துவிட முடியாது. "நீயும் கொடு" என்று குரு தலையில் கைவைத்துத் தனியாகச் சொல்ல வேண்டும். மகன் என்பதால் கிடைக்காது. படித்தவன் என்பதாலும் கிடைக்காது. அந்த ஒரு சொல் கிடைத்தவனே அடுத்த குரு.

ஆனால் மடத்தின் குருவான கொன்றையடிகள் மறைந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மடத்தில் இருந்த மூத்த சீடர் அம்பலவர். அடிகளின் பாதுகையைத் துடைத்தவர், கஞ்சி வைத்தவர், கடைசி மூச்சுவரை தலைமாட்டில் இருந்தவர். அவரைவிட நெருக்கமானவர் யார்? அடுத்த குரு அவர்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. குருபூசை நாளன்று அவரைக் கேட்காமலேயே பிடித்து ஆசனத்தில் உட்காரவைத்துக் காலிலும் விழுந்துவிட்டார்கள்.

அம்பலவர் மறுக்கவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை.

உண்மை மடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அடிகளுக்கு உலகுடையான் என்று இன்னொரு சீடன் இருந்தான். அம்பலவருக்கு வயதில் இளையவன். எதையும் வெடுக்கென்று கேட்பான். "நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறு சொல்கிறீர்களே" என்று குருவையே சபையில் கேட்டவன். ஒருநாள் அடிகள் அவனைத் தெற்கே உப்பளப் பக்கம் போகச் சொல்லிவிட்டார். துரத்திவிட்டார் என்று ஊர் பேசியது. அடிகள் படுக்கையில் விழுந்தபோது அம்பலவரிடம் சொன்னார்: "உலகுடையானைக் கொடுக்கச் சொல்லித்தான் அனுப்பினேன். பழுத்தவனை அனுப்பிவிடலாம். காய் இன்னும் என்னிடம் இருக்க வேண்டும்."

அந்தக் காய் பழுப்பதற்குள் அடிகள் போய்விட்டார்.

இந்த நிலையில்தான், மறுநாள் காலை தீட்சை பெற அரசன் வருகிறான் என்று சேதி வந்தது. தீட்சை கிடைத்தால், மடம் உழுதுண்ணும் அரண்மனை நிலத்தை மடத்துக்கே சாசனமாக எழுதித் தருவான். குரு இல்லாத மடம் என்று தெரிந்தால் வழக்கப்படி நிலம் அரண்மனைக்குத் திரும்பும், அடுப்பு அணையும். மடத்தில் உண்பவர்கள் எல்லாரும் அம்பலவர் முகத்தையே பார்த்தார்கள்.

அன்று மாலை பண்டிதரும் குருக்களும் ஏற்பாடுகளைப் பார்க்க மடத்துக்கு வந்தார்கள். அம்பலவர் யாருக்கோ நேர்ந்ததுபோல் தம் சங்கடத்தைச் சுற்றிவளைத்துக் கேட்டார். பண்டிதருக்கு அதில் சங்கடமே தெரியவில்லை. மந்திரம் ஏட்டிலேயே இருக்கிறது, யார் சொன்னாலும் எழுத்து மாறப்போவதில்லை என்றார்.

குருக்கள் சிரித்தார். "எங்கள் வீட்டில் இந்தத் தொல்லையே இல்லை, ஓய். பிள்ளை பிறந்தால் பூசைக்கு ஆள் வந்தாயிற்று. எனக்குச் சளி பிடித்தால் என் தம்பி மணி அடிப்பான். சாமி கோபித்துக்கொள்ளவா போகிறார்?"

இருவரும் சொன்னது பொய்யில்லை. அம்பலவர் அதைத்தான் நினைத்து நினைத்து மருகினார். ஒரு பிரதியில் பிழை விழுந்தால் இன்னொரு பிரதி காட்டிக்கொடுக்கும். குருக்கள் சோர்ந்தாலும் சடங்கு அவரைத் தாங்கிக்கொள்ளும். குரு வழிக்கு அப்படி ஒரு முட்டுக்கொடுப்பும் கிடையாது. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த கயிறு அது. நடுவில் ஒருவன் பொய்யாகப் பிடித்தால், அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் எதையும் பிடிக்காமல் பிடித்திருப்பதாக நம்பிக்கொண்டிருப்பார்கள். அறுந்தது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஆனால் அரசன் சாகப்போகிறான். ஒரு சொல்லுக்காகத் தவிக்கிறான். கொடுக்காமல் இருப்பது இரக்கமா? இத்தனை பேர் சோற்றில் மண் போடுவது தருமமா? குருவின்மேல் உள்ள பக்தியா இது, தனக்குக் கிடைக்கவில்லையே என்ற புண்ணா? அம்பலவருக்கே தெரியவில்லை.

காலையில் அரசன் பல்லக்கில் வந்தான். முடியைக் கழற்றி வைத்து, வெறுந்தரையில் உட்கார்ந்தான். பண்டிதர் ஒரு பக்கம், குருக்கள் ஒரு பக்கம். அம்பலவர் எதிரில் அமர்ந்தார். இரண்டு தலைகள்மேலும் துணியைப் போர்த்தினார்கள்.

துணிக்குள் இருட்டாக இருந்தது. நோயாளியின் மூச்சு அம்பலவர் முகத்தில் பட்டது. அவர் பெயர்களைத் தொடங்கினார். ஒவ்வொரு பெயரும் ஒரு மனிதர். ஒவ்வொருவரும் இப்படித் துணிக்குள் குனிந்து, தமக்குத் தரப்பட்டதை மட்டும் தந்துவிட்டுப் போனவர். சொல்லச் சொல்ல அவர்கள் எல்லாரும் அந்தச் சிறிய இருட்டுக்குள் வந்து உட்கார்ந்து கேட்பதுபோல் இருந்தது. கடைசியில் கொன்றையடிகள் பெயரைச் சொன்னார்.

"இவர் எனக்குக் கொடுத்தார்" என்றார்.

அதற்குமேல் நாக்கு எழவில்லை. மறுபடி பெயர்களைத் தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். மூன்றாம் முறையும் அங்கேயே நின்றது. துணியைத் தாமே விலக்கினார்.

"அரசே, எனக்குக் கேட்க உத்தரவு இருந்தது. கொடுக்க உத்தரவு இல்லை. அது உலகுடையானுக்குத்தான் உண்டு."

சமையற்கட்டில் யாரோ விம்முவது கேட்டது.

அரசன் அவரைப் பார்த்துக் கேட்டான்: "நீர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது."

"உலகுடையானுக்கு?"

"அவர் தூரத்தில் இருக்கிறார்."

"பிறகு யாருக்குத்தான் தெரியும்?"

"எனக்குத் தெரியும், அரசே."

குருக்கள் மெல்லக் குறுக்கிட்டார். உலகுடையானுக்கு உத்தரவு உண்டு என்பதற்கும் இவர் வாய்ச்சொல்தானே சாட்சி, ஏடு உண்டா, அபிஷேகம் பார்த்தவர் உண்டா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான்.

"தமக்கு ஆசனம் கிடைக்கும் என்றபோது இவர் பொய் சொல்லவில்லை. ஆசனம் போகும் என்றபோதா சொல்லப்போகிறார்?" என்றான் அரசன். அம்பலவரையும் உடன் வரச் சொல்லி, பல்லக்கைத் தெற்கே திருப்பச் சொன்னான்.

உப்பளத்து ஓரத்தில் ஓலைக்கூரை போட்ட தண்ணீர்ப் பந்தல். உலகுடையான் உப்பு வாருகிறவர்களுக்கு நீராகாரம் ஊற்றிக்கொண்டிருந்தார். பல்லக்கைப் பார்த்தும் அகப்பை நிற்கவில்லை. "வாரும் அம்பலவரே, இளைத்துவிட்டீரே. மடத்துக் கஞ்சியை யார் வைக்கிறார்கள், நீரேதானா?" என்றார். வந்தது அரசன் என்று சொன்னார்கள். வரிசையில் உட்காரட்டும் என்றார்.

மூன்று ஊர்களை எரித்த அரசன், கால் வெடித்த உப்பளத்தார் நடுவில் உட்கார்ந்து, கொட்டாங்கச்சியில் தன் பங்கை வாங்கிக் குடித்துக் காத்திருந்தான். உலகுடையான் இடையிடையே அவனைப் பார்த்தார். கடைசி ஆள் எழுந்து போன பிறகு கையைக் கழுவிக்கொண்டு, தம் மேல்துண்டை எடுத்து இருவர் தலைமேலும் போட்டுக்கொண்டார்.

பெயர்கள் கேட்டன. "இவர் எனக்குக் கொடுத்தார், கொடு என்றும் சொன்னார்" என்பதும் கேட்டது. அதன்பின் சொன்னது என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அது அவனுக்கென்று சொல்லப்பட்டது. கடல்காற்றுகூட அந்த நேரத்தில் நின்றுவிட்டதாகப் பல்லக்குத் தூக்கியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அரசன் அங்கேயே, உப்பு மணலில் தலைசாய்த்து, குழந்தைபோலத் தூங்கினான்.

அம்பலவர் தம்மைவிட இளையவர் காலில் விழுந்தார். ஆசனம் காத்திருக்கிறது, எழுந்தருள வேண்டும் என்றார்.

"இவர்களுக்கு நாளைக்கு யார் ஊற்றுவது?" என்று கேட்டார் உலகுடையான்.

அம்பலவர் எழுந்து அகப்பையை வாங்கிக்கொண்டார்.

அரசன் சில நாட்களில் அமைதியாக இறந்தான். அதற்குமுன் மடத்தின் பேரில் நிலத்தைச் சாசனமாக்கிவிட்டான், அடுப்பு அணையவில்லை. மடத்து ஆசனம் ஏறிய உலகுடையாருக்குப் பின் பல குருமார்கள் வந்தார்கள். அம்பலவருக்கு உத்தரவு கடைசிவரை கிடைத்ததா என்று கதை சொல்லவில்லை. அந்தப் பெயர் வரிசையில் அவர் பெயர் இல்லை. ஆனால் துணிக்குள் குனிந்து சொல்லும் ஒவ்வொரு குருவும், கொன்றையடிகள் பெயருக்கும் உலகுடையார் பெயருக்கும் நடுவில் ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருப்பாராம்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தனக்குத் தரப்படாத அதிகாரத்தை, யாரும் அறியமாட்டார்கள் என்ற இடத்திலும் எடுத்துக்கொள்ளாதவனே குரு வழியை அறாமல் காப்பவன்.